நான்கு நிமிடப் பேச்சு, இரண்டு சொல் மொழிபெயர்ப்பு

"வணக்கம். இதுவரை இரண்டு ஆவணப்படங்கள் எடுத்திருக்கிறேன், இரண்டும் தமிழில். அடுத்த படத்துக்காக டிசம்பரில் ஒடிசாவின் கேந்திரபாடா மாவட்டத்துக்குப் போகிறேன். கடல் ஏறி வந்ததால் சாதபாயா ஊர்க்காரர்களைப் பகபாட்டியாவில் குடியேற்றியிருக்கிறார்கள். அவர்களைப் பேட்டி எடுக்க வேண்டும். எனக்கு ஒடியா ஒரு சொல்கூடத் தெரியாது, இந்தி அரைகுறை. உள்ளூரில் ஒருவரை மொழிபெயர்ப்புக்கு ஏற்பாடு செய்து தருவதாகச் சொல்கிறார்கள். பேட்டியின்போது அவரை எங்கே உட்கார வைப்பது? வாக்கியம் வாக்கியமாகச் சொல்லச் சொல்வதா, முடிந்த பிறகு கேட்டுக்கொள்வதா? அவர் சரியாகத்தான் சொல்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்?"
ஒரு வாசகர், தூத்துக்குடி

முதலில் எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கேள்விகளில் பாதிக்கு அதிலேயே பதில் இருக்கிறது.

ஒடிசாக் கடலோரத்தில் வேறொரு ஊர். வயதான ஒரு அம்மாவைப் பேட்டி எடுத்துக்கொண்டிருந்தேன். "பழைய ஊர் எப்படி இருந்தது?" என்று கேட்கச் சொன்னேன். அந்த அம்மா நான்கு நிமிடம் பேசினார். நடுவில் கையை நீட்டிக் கடலைக் காட்டினார், ஒரு தடவை சிரித்தார், கடைசியில் என்னை நேராகப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டு நிறுத்தினார். நான் மொழிபெயர்ப்பாளரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சொன்னது: "கஷ்டம்னு சொல்றாங்க." சரி என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

ஆறு மாதம் கழித்துச் சென்னையில் எடிட்டிங். அந்தப் பேச்சை இன்னொரு ஒடியாக்காரரிடம் போட்டுக் காட்டினேன். அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "இந்த அம்மா உங்களைக் கூப்பிட்டிருக்காங்களே, நீங்க போகலையா?" என்று கேட்டார். அந்த அம்மா சொன்னது இதுதான்: அவங்க வீட்டுக் கிணறு இப்போது கடலுக்குள் நிற்கிறது, தண்ணீர் வற்றும் நேரத்தில் அதன் விளிம்பு வெளியே தெரியும், "நாளைக்குக் காலையில வா, உனக்குக் காட்டறேன்." கடைசியில் என்னைப் பார்த்துச் சொன்னது அதைத்தான். மறுநாள் காலை நாங்கள் ஊரை விட்டுக் கிளம்பிவிட்டோம். அடுத்த வருடம் அதற்காகவே திரும்பப் போனேன். கிணறு இல்லை.

அந்த மொழிபெயர்ப்பாளர் பொய் சொல்லவில்லை, சோம்பேறியும் இல்லை. அதே கடலோரத்தில் பிறந்தவர். கடலுக்குள் கிணறு நிற்பது அவருக்கு அன்றாடம் கண்ணில் படும் விஷயம், அதைச் சொல்ல வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ரொம்ப நாளானது. உள்ளூர் மொழிபெயர்ப்பாளர் தனக்குப் பழகிப்போனதைத்தான் முதலில் விட்டுவிடுவார், படம் எடுக்கப் போகிறவருக்குப் பெரும்பாலும் அதுதான் வேண்டியிருக்கும். இதை நீங்கள் முன்கூட்டியே அவரிடம் உட்கார்ந்து பேசிவிட வேண்டும். "உங்களுக்குச் சாதாரணமாத் தெரியறதுதான் எனக்கு வேணும். ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சதா இருந்தாலும் சொல்லிடுங்க" என்று வெளிப்படையாகவே சொல்லுங்கள். அவர் தலையாட்டுவார். அப்புறமும் விட்டுவிடுவார். அதனால்தான் கீழே சொல்லும் ஏற்பாடுகள் எல்லாம்.

ஆளைத் தேர்வு செய்வதிலிருந்து வருவோம். "ஏற்பாடு செய்து தருகிறோம்" என்று சொன்னவர்கள் யார் என்று பாருங்கள். குடியேற்றத்தில் வேலை செய்த ஒரு அமைப்பு தன் ஊழியரையே அனுப்பினால், அந்த அமைப்பைப் பற்றி மக்கள் அவர் முன்னால் எதுவும் சொல்ல மாட்டார்கள். ஊருக்குள்ளேயே இருக்கும் ஆள் என்றால் வீட்டுக் கதவு சுலபமாகத் திறக்கும், ஆனால் அவருக்கு யாராவது சித்தப்பா, யாராவது பங்காளி, யாரோடாவது நிலத் தகராறு இருக்கும். நகரத்திலிருந்து படித்தவரைக் கூட்டிப்போனால் அந்தச் சிக்கல் இல்லை, ஆனால் கடலோரத்துப் பேச்சு அவருக்கே பாதிதான் புரியும். நான் இப்போது செய்வது இரண்டு ஆள் ஏற்பாடு. ஊரைக் காட்டவும் ஆட்களிடம் அறிமுகப்படுத்தவும் உள்ளூர்க்காரர் ஒருவர், பேட்டி தொடங்கியதும் அவர் டீ குடிக்கப் போய்விடுவார். மொழிபெயர்ப்புக்கு அதே மாவட்டத்தில், கொஞ்சம் தள்ளியிருக்கும் ஊரிலிருந்து வேறொருவர்.

பெண்களின் பேட்டிக்குப் பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். பொதுவாகச் சொல்லும் நாகரிகத்துக்காக இதைச் சொல்லவில்லை. ஒடியாக் குடும்பங்களில் கணவனின் அண்ணனை 'தேடசுர' என்பார்கள். தம்பி மனைவி அவர் எதிரில் முகத்தைக் காட்டிப் பேசுவதில்லை என்பது பழைய வழக்கம். இன்றும் கிராமங்களில் அது முழுக்கப் போய்விடவில்லை. உள்ளூர்க்காரர் ஒருவர் மொழிபெயர்க்க உட்கார்ந்து, அந்தப் பெண்ணுக்கு அவர் தேடசுர முறையில் வந்துவிட்டால், முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு "ஆமாம், இல்லை" என்று இரண்டு பதிலோடு பேட்டி முடிந்துவிடும். உங்களுக்குக் காரணமே தெரியாது. கூச்ச சுபாவம் என்று நினைத்துக்கொண்டு திரும்பி வருவீர்கள்.

எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்கு என்பதையும் யோசியுங்கள். ஒடியாவிலிருந்து ஆங்கிலத்துக்கு, அதை நீங்கள் மனதுக்குள் தமிழுக்கு என்று போனால் இரண்டு இடத்தில் சரக்கு சிந்தும். கேந்திரபாடா மாவட்டத்துக்கு ஒரு விசேஷம் உண்டு: இந்தியா முழுக்கப் பிளம்பிங் வேலைக்குப் போகிறவர்களின் ஊர் அது. பட்டாமுண்டை பக்கம் கேட்டுப்பாருங்கள், சென்னையில் பல வருடம் குழாய் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அவர்களுக்குத் தமிழ் எழுதத் தெரியாமல் இருக்கலாம், பேசுவார்கள். இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. ஒடியாவிலும் நம்மைப் போலவே வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். கேட்கக் கேட்க அதே வரிசையில் தமிழில் சொல்லிக்கொண்டு போகலாம். ஆங்கிலத்தில் சொல்கிறவர் வினைச்சொல் வரும்வரை காத்திருந்து, வாக்கியத்தைத் திருப்பிப் போட்டுச் சொல்ல வேண்டும், அதற்குள் அடுத்த வாக்கியம் ஓடிவிடும். அரைகுறைத் தமிழ் பேசும் பிளம்பர், அழகான ஆங்கிலம் பேசும் பட்டதாரியைவிட வேகமாகவும் முழுதாகவும் சொல்லி நான் பார்த்திருக்கிறேன்.

ஆளைச் சோதிக்க ஒரு எளிய வழி. கிராமத்துப் பெரியவர் யாராவது பேசும் இரண்டு நிமிட ஒலிப்பதிவு ஒன்றைப் போட்டுக் காட்டி, முழுதாகச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். "நான் காலையில் போனேன்" என்று பேசியவரின் வாயாகவே சொல்கிறாரா, "அவர் காலையில போனாராம்" என்கிறாரா? 'நான்' என்று சொல்லப் பழகியவர் விவரங்களைக் குறைவாகவே விடுவார், ஏனென்றால் அவர் சுருக்கிக் கதை சொல்வதை விட்டு அந்த ஆளாகவே பேசத் தொடங்கிவிடுகிறார். இரண்டாவது, "இந்தச் சொல் எனக்குத் தெரியலை" என்று எங்காவது சொல்கிறாரா? சொல்கிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் தயங்காமல் பதில் சொல்கிறவர் எனக்குப் பயம் தருவார்.

இன்னொன்று, பேட்டி கொடுப்பவரின் வீட்டு மொழி எது என்று ஒவ்வொருவர் விஷயத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள். புரியில் பெண்டகோட்டா என்ற மீனவர் குடியிருப்புக்கு ஒடியா மொழிபெயர்ப்பாளரோடு போய் இறங்கினேன். அங்கே வீட்டுக்குள் பேசுவது தெலுங்கு, ஆந்திரக் கடற்கரையிலிருந்து வந்து குடியேறியவர்கள். எங்களிடம் ஒடியாவில் பதில் சொன்னார்கள், அவர்களுக்குள் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். நல்ல பேச்செல்லாம் அந்தத் தெலுங்கில்தான் இருந்தது. கேந்திரபாடாவின் கடலோரத்திலும் வங்காளம் பேசும் குடியிருப்புகள் இருக்கின்றன.

இப்போது கேள்விகள். புறப்படும் முன் உங்கள் கேள்வித்தாளை மொழிபெயர்ப்பாளரோடு அரை நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒவ்வொரு கேள்வியையும் அவர் ஒடியாவில் கேட்பதைப் போனில் பதிவு செய்து, ஒடியா தெரிந்த வேறு ஒருவரிடம் போட்டுக் காட்டி, "இதில் என்ன கேட்கிறார்?" என்று கேளுங்கள். திரும்பி வருவது உங்கள் கேள்விதானா என்று பாருங்கள். "வீடு போனபோது உங்கள் மனநிலை எப்படி இருந்தது?" என்பது ஒடியாவில் "கேமிதி லாகிலா?" என்று போகும், "கராப் லாகிலா" என்று திரும்பி வரும். எப்படி இருந்தது, கஷ்டமாக இருந்தது. அவ்வளவுதான். இது மொழிபெயர்ப்பாளரின் குற்றமில்லை, கேள்வியின் குற்றம். "பழைய வீட்டிலிருந்து கிளம்பின அன்னைக்கு அடுப்புல என்ன இருந்துச்சு? எதைத் தூக்கிட்டு வந்தீங்க, எதை விட்டுட்டு வந்தீங்க?" என்று கேட்டால் எந்த மொழியிலும் அது உடையாமல் போய்ச் சேரும். பதிலில் பொருள்களும் பெயர்களும் வரும், அவற்றைச் சுருக்குவது கஷ்டம்.

எங்கே உட்கார வைப்பது? பேட்டி கொடுப்பவர் யாரிடம் பேசுகிறாரோ அவரைத்தான் பார்ப்பார். அவர் பேசப்போவது மொழிபெயர்ப்பாளரிடம், உங்களிடம் இல்லை. இதை ஏற்றுக்கொள்ளப் புது இயக்குநர்களுக்கு மனம் வராது, கேமராவுக்கு ஒரு பக்கம் தானும் மறுபக்கம் மொழிபெயர்ப்பாளருமாக உட்கார்ந்துவிடுவார்கள். அந்த அம்மாவின் கண் இடமும் வலமும் அலைந்துகொண்டே இருக்கும், எடிட்டிங்கில் ஒரு ஷாட்டோடு இன்னொன்று ஒட்டாது. மொழிபெயர்ப்பாளரை லென்ஸை ஒட்டி, கேமராவுக்கு ஒரு பக்கமாக உட்கார வையுங்கள். நீங்கள் அதே பக்கத்தில் அவர் தோளுக்குப் பின்னால், கொஞ்சம் தாழ்வாக உட்காருங்கள். அந்த அம்மா எப்போதாவது உங்களைப் பார்த்தாலும் பார்வையின் திசை மாறாது. கேள்வி கேட்கும்போது நீங்கள் மொழிபெயர்ப்பாளரைப் பார்க்காமல் அந்த அம்மாவையே பாருங்கள், அவர் பேசும்போதும் அப்படியே. முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால், பேச்சு எங்கே திரும்புகிறது என்பது மொழி தெரியாமலே கொஞ்சம் தெரிந்துவிடும்.

வாக்கியம் வாக்கியமாக வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தினால் பேசுகிறவர் சாட்சி சொல்வதுபோல் அளந்து பேசத் தொடங்குவார், நினைவு ஓடாது. முழுக்க முடிந்த பிறகு கேட்பதும் ஆபத்து, என் கிணறு அப்படித்தான் போனது. நான் கடைப்பிடிப்பது சுற்று முறை. எட்டுப் பத்து நிமிடம் பேச்சு தடையில்லாமல் ஓடட்டும். அதற்குள் அவர் மூச்சு வாங்கும் இடங்களில் மட்டும் மொழிபெயர்ப்பாளர் என் பக்கம் சாய்ந்து நாலைந்து சொல் சொல்வார்: "கிணறு. கடலுக்குள்ள. காட்டறேங்கிறாங்க." பொருள், இடம், ஆள், வருடம், இவை மட்டும் போதும். கருத்தோ உணர்ச்சியோ வேண்டாம். அதைக் கேட்டு நான் ஒரு விரல் காட்டினால் 'அதையே இன்னும் கேளு', கையை விரித்துக் காட்டினால் 'அப்படியே ஓடட்டும்'. இந்தச் சைகைகளை முதல் நாளே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

பத்து நிமிடம் ஆனதும் ஒரு நிறுத்தம். மொழிபெயர்ப்பாளர் அதுவரை சொன்னதை முழுதாக, 'நான்' என்றே சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் கேமராவை அணைக்காதீர்கள். தான் சொன்னது வேற்று மொழியில் திரும்பச் சொல்லப்படுவதைக் கேட்டுக்கொண்டு அந்த அம்மா சும்மா உட்கார்ந்திருப்பார், கையைப் பார்ப்பார், கடலைப் பார்ப்பார். எடிட்டிங்கில் பேச்சை ஒட்டுவதற்குத் தேவையான மௌன முகம் எல்லாம் அங்கேதான் கிடைக்கும். இந்த முறையில் பேட்டி நேரம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும், ஒரு நாளைக்கு மூன்று பேட்டிக்கு மேல் வைக்காதீர்கள். மொழிபெயர்ப்பாளருக்கு மூளை களைத்துப்போகும். களைத்துவிட்டார் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? 'நான்' போய் 'அவங்க சொல்றாங்க' வந்துவிடும். அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒலியில் ஒரே ஒரு கட்டாயம். பேசுகிறவர் முடித்ததும் இரண்டு நொடி மௌனம் விட்டுத்தான் மொழிபெயர்ப்பாளர் வாய் திறக்க வேண்டும். கடைசிச் சொல்லின் மேல் இவர் குரல் ஏறிவிட்டால் அந்த வாக்கியத்தையே வெட்டி எறிய வேண்டியிருக்கும். பேசுகிறவருக்கு ஒரு காலர் மைக், மொழிபெயர்ப்பாளருக்கு இன்னொன்று, இரண்டையும் தனித்தனி டிராக்கில் பதிவு செய்யுங்கள். அவர் உங்களிடம் கிசுகிசுத்தது எல்லாம் எந்த நேரத்தில் என்ன பேசப்பட்டது என்பதற்கான குறிப்பாகப் பின்னால் உதவும். பணம் இருந்தால் இரண்டாவது ஒடியாக்காரர் ஒருவரைச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்து, காலர் மைக்கின் ஒலியை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே உங்கள் காதில் இயர்போன் வழியாகத் தொடர்ந்து சொல்லச் செய்யலாம். அதற்குத் தனி வயர்லெஸ் செட் வைத்துக்கொள்ளுங்கள். போன் அழைப்பை நம்ப வேண்டாம், கடலோரத்தில் சிக்னல் எப்போது போகும் என்று சொல்ல முடியாது.

ஒடியாவில் ஒரு சொல் மட்டும் கற்றுக்கொண்டு போங்கள்: 'தாபரே'. 'அப்புறம்?' என்று பொருள். அவர் நிறுத்தும்போது மொழிபெயர்ப்பாளருக்கு முன்னால் நீங்களே மெதுவாக "தாபரே, மௌசி?" என்றால், முக்கால்வாசி நேரம் பேச்சு தொடரும். மௌசி என்றால் சித்தி, பெரியம்மா. வயதான பெண்களை அப்படிக் கூப்பிடலாம்.

சரியாகச் சொல்கிறாரா என்பது உங்கள் கடைசிக் கேள்வி. அன்றன்று ராத்திரி அரை மணி நேரம் அவரோடு உட்காருங்கள். முழுப் பேட்டியையும் கேட்க நேரமிருக்காது. அந்த அம்மாவின் குரல் மாறிய மூன்று இடத்தை மட்டும் போட்டு, சொல்லுக்குச் சொல் கேளுங்கள். அழகாக வேண்டாம், கொச்சையாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிடுங்கள். ஒருமுறை எனக்குக் கிடைத்த மொழிபெயர்ப்பு: "கடல் அரிப்பால் வீடு அழிந்துவிட்டது." செய்தித்தாள் வாசிப்பதுபோல் இருக்கிறதே என்று சந்தேகப்பட்டு, அவர் என்ன சொல்லைச் சொன்னார் என்று கேட்டேன். 'சமுத்ர காயிகலா.' கடல் தின்றுவிட்டது. நம் ஊர்க் கடற்கரையில் எந்தப் பாட்டியும் சொல்லும் வார்த்தை அது, மொழிபெயர்ப்பாளர் எனக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று படித்த மொழிக்கு மாற்றியிருக்கிறார். அதேபோல 'வீடு' என்று வந்த இடத்தில் பாதி நேரம் அவர்கள் சொன்னது 'பிட்டாமாட்டி'. பூர்வீக மனை, தலைமுறை தலைமுறையாக இருந்த மண் எல்லாம் சேர்ந்த சொல். அரசு கட்டிக் கொடுத்ததற்கு யாரும் அதைச் சொல்லவில்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் நீங்கள் சாதபாயாவைப் பற்றிப் படம் எடுக்க முடியாது. இப்படிப்பட்ட சொற்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். மறுநாள் பேட்டியில் உங்கள் காதே அவற்றைப் பிடிக்கத் தொடங்கும்.

மரியாதைச் சொல்லும் அப்படித்தான். ஒடியாவில் முன்னிலைக்கு மூன்று படி: 'து', 'துமே', 'ஆபண'. எழுபது வயது மீனவர் ஒருவர், தன்னிடம் ஒரு இளம் அதிகாரி பேசியதைச் சொல்லிக்காட்டினார். "நீங்க இங்கிருந்து போங்கன்னு சொன்னார்" என்று மொழிபெயர்ப்பு வந்தது. அந்தப் பெரியவர் சொல்லிக்காட்டிய சொல் 'து'. நம் ஊரில் 'டேய், நீ' என்பதற்குச் சமம். அவருடைய கோபம் முழுக்க அந்த ஒரு சொல்லில்தான் இருந்தது, மொழிபெயர்ப்பாளர் நாகரிகம் கருதி அதைத் துடைத்துவிட்டார். யாராவது இன்னொருவரின் பேச்சைத் திரும்பச் சொல்லும் இடங்களில் கட்டாயம் கேளுங்கள்: 'து'வா, 'துமே'யா, 'ஆபண'வா?

படப்பிடிப்பு முடிந்து வந்ததும், முதல் மொழிபெயர்ப்பைக் காட்டாமல், வேறு ஊரைச் சேர்ந்த இரண்டாவது ஆளிடம் பேட்டியைக் கொடுங்கள். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். சென்னையிலும் திருப்பூரிலும் ஒடியா பேசுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. ஒரு மணி நேரப் பேச்சை நேரக்குறியோடு எழுத என் அனுபவத்தில் ஒரு முழு நாள் ஆகும், அதற்கேற்ற சம்பளம் கொடுக்க வேண்டும். நான் மூன்று பத்தியாக எழுதச் சொல்வேன். முதலில் பேசியது அப்படியே, தமிழ் எழுத்திலோ ஒடியா எழுத்திலோ. நடுவில் சொல்லுக்குச் சொல் பொருள். மூன்றாவதில் நல்ல தமிழ். இரண்டு ஆளின் மொழிபெயர்ப்பும் முரண்படும் இடங்களைத் தனியாகக் குறித்துக்கொண்டு, முதல் ஆளையே போனில் கூப்பிட்டுக் கேளுங்கள். குற்றம் சாட்டுவதுபோல் கேட்காதீர்கள். பல இடத்தில் உள்ளூர்க்காரர் சொன்னதுதான் சரியாக இருக்கும், இரண்டாவது ஆளுக்குத்தான் அந்த வட்டாரச் சொல் தெரிந்திருக்காது.

முதல் பத்தி எதற்கு என்று கேட்பீர்கள். வெட்டுவதற்கு. மொழி தெரியாத எடிட்டர் மூச்சு விடும் இடத்தில் வெட்டுவார், அது வாக்கியம் முடிந்த இடமாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஒடியாவில் 'மு ஜிபி' என்றால் 'நான் போவேன்'. 'மு ஜிபி நாஹி' என்றால் 'நான் போக மாட்டேன்'. மறுப்பு கடைசியில்தான் வருகிறது. என் படத்தில் ஒரு பெரியவர் 'மு ஜிபி' என்று சொல்லிவிட்டு, தொண்டையைச் செருமி, ஒரு கணம் தரையைப் பார்த்து, அப்புறம்தான் 'நாஹி' என்றார். எடிட்டர் செருமலுக்கு முன்னால் வெட்டியிருந்தார். ஊரை விட்டு வர மாட்டேன் என்று மல்லுக்கட்டியவர், வருகிறேன் என்று சொன்னதாகப் படத்தில் ஆகிவிட்டது. சப்டைட்டிலில் 'போக மாட்டேன்' என்று இருந்ததால் எங்களுக்குத் தெரியவே இல்லை. ஒடியா தெரிந்தவர் பார்த்தபோதுதான் பிடிபட்டது. அதனால் எடிட்டிங் முடிந்ததும், சப்டைட்டில் இல்லாமல் ஒரு தடவை, சப்டைட்டிலோடு ஒரு தடவை, ஒடியாக்காரர் ஒருவரை உட்கார வைத்துப் படத்தைப் போட்டுக் காட்டுங்கள். வெறும் சப்டைட்டில் திருத்தத்துக்கு மட்டும் கூப்பிட்டால் இந்த மாதிரித் தவறு கண்ணில் படாது.

சம்பளம் பற்றி ஒரு வார்த்தை. நாள் கூலி தனி, ராத்திரி உட்காரும் நேரத்துக்குத் தனி, எழுதுவதற்குத் தனி என்று முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். பேட்டியில் கேட்டதை வெளியே பேசக் கூடாது என்பதையும் அதில் சேருங்கள், பேட்டி கொடுப்பவர்களிடமும் அவர் முன்னாலேயே அதைச் சொல்லுங்கள். படத்தில் அவர் பெயரைப் போடலாமா என்று எடிட்டிங் முடிந்த பிறகு, படத்தைக் காட்டிவிட்டுக் கேளுங்கள். நீங்கள் தூத்துக்குடிக்குத் திரும்பிவிடுவீர்கள், படத்தில் யாராவது யாரையாவது குறை சொல்லியிருந்தால் அந்த ஊரில் பதில் சொல்லப்போவது அவர்தான். என்னோடு வேலை பார்த்த ஒருவர் யோசித்துவிட்டு வேண்டாம் என்றார். இன்னொருவர், பெயரோடு தன் ஊர்ப் பெயரையும் சேர்த்துப் போடச் சொன்னார்.